ஒரே விலைப்பட்டியலில் வரி உள்ளதும் விலக்குப் பெற்றதும்: கடைவீட்டு வாடகையை வைத்து உள்ளீட்டு வரியைக் கணக்கிடும் முறை

சிங்கப்பூரில் பொருள் சேவை வரிக் கணக்கைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். விலைப்பட்டியலின் அடியில் உள்ள மொத்தத் தொகையை எடுத்து, அதில் 109இல் 9 பங்கு வரி என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை அப்படியே உள்ளீட்டு வரியாக, அதாவது கொள்முதலில் கட்டித் திரும்பப் பெறக்கூடிய வரியாக, கோரிவிடுகிறார்கள். பட்டியலில் உள்ள எல்லா உருப்படிகளுக்கும் 9 விழுக்காடு விதிக்கப்பட்டிருந்தால் இது சரிதான். ஆனால் விலக்குப் பெற்ற ஓர் உருப்படி நடுவில் இருந்தால், யாரும் செலுத்தாத வரியை உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் திரும்பக் கேட்டவர்களாகிவிடுகிறோம். விகிதம் 7 விழுக்காடாக இருந்த நாள்களில் நானும் ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று காலாண்டுகள் இப்படியே கோரிவிட்டுப் பிறகு GST F7 படிவத்தில் திருத்த வேண்டியிருந்தது. அப்போது கற்றுக்கொண்ட வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இந்தியாவிலிருந்து வந்து இங்கே கணக்கு எழுதுபவர்கள் அரிசி, பால், காய்கறி என்றதும் விலக்கு இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் அப்படி இல்லை. பதிவுபெற்ற கடையில் விற்கும் அரிசிக்கும் பருப்புக்கும் 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு வரி உண்டு. விலக்குப் பெற்றவை மிகச் சிலவே: நிதிச் சேவைகள், குடியிருப்புச் சொத்தின் விற்பனையும் வாடகையும், முதலீட்டுக்கான தங்கம், வெள்ளி, பிளாட்டினம், மின்னிலக்கக் கட்டண டோக்கன்கள். ஆகவே கலப்பு விலைப்பட்டியலைத் தேட வேண்டிய இடங்களும் சிலவே. வங்கி அனுப்பும் பட்டியலில் சேவைக் கட்டணத்துக்கு வரி இருக்கும், வட்டிக்கு இருக்காது. நகைக்கடைக்கு வரும் மொத்த வணிகர் பட்டியலில் நகைக்கு வரி இருக்கும், முதலீட்டுத் தரத்துக்கு உட்பட்ட தங்கக் கட்டிக்கு இருக்காது. சிராங்கூன் சாலைப் பகுதியில் கணக்கு எழுதும் எனக்கு அடிக்கடி வருவது மூன்றாவது வகை: கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கடைவீட்டின் வாடகைப் பட்டியல். அதையே முழுமையாகப் பார்ப்போம்.

எடுத்துக்கொள்ளும் வணிகர்

தன்விருப்பமாக ஜிஎஸ்டி பதிவு பெற்ற ஒரு மளிகைக் கடைக்காரர் கடைவீடு ஒன்றை முழுவதுமாக வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்தில் கடை நடத்துகிறார். குடியிருப்புக்கென அனுமதிக்கப்பட்ட மேல்தளத்தை உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரு குடும்பத்துக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். கட்டடத்தின் உரிமையாளரும் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர். அவர் மாதந்தோறும் அனுப்பும் பட்டியல் இப்படி இருக்கும்:

```
கீழ்த்தளக் கடை வாடகை         9,000.00   GST 810.00
மேல்தளக் குடியிருப்பு வாடகை    3,200.00   விலக்கு
மேல்தள அறைகலன் வாடகை       300.00   GST  27.00
வரிக்கு முந்திய மொத்தம்      12,500.00
GST 9%                          837.00
செலுத்த வேண்டியது           13,337.00
```

மூன்றாவது உருப்படியைப் பார்த்துப் பலர் வியப்பார்கள். வீட்டு வாடகைக்குத்தான் விலக்கு. அந்த வீட்டோடு சேர்த்து வாடகைக்குக் கொடுக்கும் கட்டில், அலமாரி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு அந்த விலக்கு கிடையாது. ஆகவே அறைகலனோடு விடப்படும் வீட்டின் வாடகையை உரிமையாளர் இரண்டாகப் பிரித்து, அறைகலன் பகுதிக்கு வரி விதிக்க வேண்டும்.

முதல் படி: பட்டியல் கோரிக்கைக்குத் தகுதியானதா என்று பார்த்தல்

உரிமையாளரின் ஜிஎஸ்டி பதிவு எண் பட்டியலில் இருக்கிறதா, அது உண்மையில் நடப்பில் உள்ளதா என்பதை உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ள பதிவுபெற்ற வணிகர் தேடலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடைவீட்டு உரிமையாளர்களில் பதிவு பெறாத தனிமனிதர்களும் உண்டு. அவர்களிடமிருந்து வரும் பட்டியலில் கோருவதற்கு எதுவுமே இல்லை. அடுத்து, அது முறையான வரி விலைப்பட்டியலாக, உங்கள் வணிகத்தின் பெயருக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். மொத்தம் 1,000 வெள்ளிக்கு மேற்படாத பட்டியல்களுக்கு மட்டுமே எளிமையாக்கப்பட்ட வடிவம் போதும். நம்முடையது 13,337 வெள்ளி என்பதால் முழு வடிவமே தேவை. முழு வடிவத்தில் விலக்குப் பெற்ற தொகையைத் தனியாகக் காட்டியிருக்க வேண்டும் என்பது பட்டியல் அனுப்புபவரின் கடமை.

உரிமையாளர் "இட வாடகை 12,500, ஜிஎஸ்டி 837" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் என்ன செய்வது? 837ஐ 0.09ஆல் வகுத்தால் 9,300 வரும். ஆகவே வரிக்கு உட்பட்டது 9,300, விலக்குப் பெற்றது 3,200 என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இதைச் சரிபார்க்கும் கணக்காக மட்டும் வைத்துக்கொண்டு, வகை பிரித்த பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இதைவிடச் சிக்கலானது, உரிமையாளர் 12,500 முழுவதற்கும் 1,125 வெள்ளி வரி போட்டு அனுப்புவது. "அவர் வாங்கிவிட்டார், நான் கட்டிவிட்டேன், ஆகவே கோருவேன்" என்று வாதாடுவதில் பயனில்லை. சட்டப்படி வரி இல்லாத ஒன்றுக்குத் தவறாக வாங்கிய தொகை உள்ளீட்டு வரி ஆகாது. கிரெடிட் நோட் எனப்படும் பற்றுக் குறைப்புச் சீட்டு வாங்கி, கூடுதலாகக் கட்டிய 288 வெள்ளியை உரிமையாளரிடமிருந்தே திரும்பப் பெற வேண்டும்.

இரண்டாம் படி: வரிவரியாகப் பிரித்துப் பதிதல்

பட்டியலை ஒரே பதிவாகப் போடாதீர்கள். கணக்கு மென்பொருளில் ஒரு பட்டியலுக்குள் பல உருப்படிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனி வரிக் குறியீடு கொடுக்கலாம். கடை வாடகைக்கும் அறைகலன் வாடகைக்கும் `TX`, குடியிருப்பு வாடகைக்கு `EP`. இப்படிப் பதிந்தால் மென்பொருள் காட்டும் வரியும் பட்டியலில் உள்ள 837 வெள்ளியும் ஒன்றாக இருக்கும். ஒரு காசு கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, அது முழுமையாக்கலால் வந்தது. அதைவிட அதிகமாக வேறுபட்டால் ஏதோ ஓர் உருப்படிக்குக் குறியீடு தவறியிருக்கிறது.

மொத்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டிருந்தால் 13,337ஐ 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்கி 1,101.22 வெள்ளி என்று கோரியிருப்போம். மாதம் 264.22 வெள்ளி, காலாண்டுக்கு 792.66 வெள்ளி மிகைக் கோரிக்கை. அந்த 264.22 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: 3,200இன் 109இல் 9 பங்கு. விலக்குப் பெற்ற உருப்படியிலிருந்து இல்லாத வரியைப் பிழிந்தெடுத்திருக்கிறோம். வேறொருவர் எழுதிய பழைய கணக்கைச் சரிபார்க்கும்போது இந்தத் தடயம் உதவும். மிகைத் தொகையை 9ஆல் வகுத்து 109ஆல் பெருக்கினால் விலக்குப் பெற்ற உருப்படியின் தொகை அப்படியே வந்து நிற்கும்.

வரி இல்லாத எல்லா உருப்படிகளும் "விலக்கு" ஆகிவிடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாடகை தொடங்கிய முதல் மாதப் பட்டியலில் திருப்பித் தரக்கூடிய வைப்புத்தொகையும், உங்கள் சார்பில் உரிமையாளர் கட்டிய முத்திரை வரியும் இருக்கக்கூடும். அவை உங்கள் கொள்முதலே அல்ல. பதிவு பெறாத கைவினைஞர் செய்த பழுதுபார்ப்புக்கு `NR` என்று குறியீடு. எல்லாவற்றையும் `EP`யில் தள்ளினாலும் அந்தக் காலாண்டில் கட்ட வேண்டிய தொகை மாறாதுதான். ஆனால் பிறகு யாராவது கேட்கும்போது எந்தத் தொகை எதற்கு என்று விளக்க முடியாமல் திணறுவீர்கள்.

மூன்றாம் படி: எதற்காகப் பயன்படுத்தினோம் என்று கேட்டல்

இதுவரை பார்த்தது, வாங்கியதில் வரி இருந்ததா என்ற கேள்வி. இனி வருவது வேறு கேள்வி: வரி இருந்த அந்தக் கொள்முதலை நாம் எந்த விற்பனைக்காகப் பயன்படுத்தினோம்? இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான், "பட்டியலில் வரி இருக்கிறது, ஆகவே கோரலாம்" என்ற முடிவுக்குப் பலர் வருகிறார்கள். நம் கடைக்காரர் மேல்தளத்தைக் குடியிருப்பாக உள்வாடகைக்கு விடுகிறார். அந்த வாடகை அவர் செய்யும் விலக்குப் பெற்ற விற்பனை. அதற்காக அவர் செய்யும் செலவில் உள்ள வரியைப் பொதுவாகக் கோர முடியாது.

ஆகவே வரி உள்ள ஒவ்வொரு கொள்முதலையும் மூன்று கூடைகளில் ஒன்றில் போட வேண்டும். வரிக்கு உட்பட்ட விற்பனைக்கு மட்டும் உரியது, விலக்குப் பெற்ற விற்பனைக்கு மட்டும் உரியது, இரண்டுக்கும் பொதுவானது. இரண்டாவதற்கு `TX-N33`, மூன்றாவதற்கு `TX-RE` என்ற குறியீடுகளை மென்பொருளில் காணலாம்.

நம் கடைக்காரரின் ஒரு காலாண்டை எடுத்துக்கொள்வோம். கடைச் சரக்கு 150,000 வெள்ளி, வரி 13,500. கீழ்த்தள வாடகை மூன்று மாதங்களுக்கு 27,000, வரி 2,430. இவை முதல் கூடைக்குப் போவதில் ஐயமில்லை. அறைகலன் வாடகை 900, வரி 81 எந்தக் கூடைக்குப் போகும்? மேல்தளத்துக்கு உரியது என்பதால் இரண்டாவது என்று கை தானாகப் போகும். ஆனால் கடைக்காரர் குடியிருப்பவரிடம் மாதம் 4,000 வெள்ளி வீட்டு வாடகையும், தனியாக 400 வெள்ளி அறைகலன் வாடகையும் வாங்குகிறார். அந்த 400க்கு அவர் வரி விதிக்கிறார். ஆகவே அறைகலனுக்காக அவர் கட்டிய 81 வெள்ளி, வரிக்கு உட்பட்ட விற்பனைக்கே உரியது, முதல் கூடைக்கே போகும். அறைகலனைப் பிரிக்காமல் மொத்தமாக 4,400 என்று உள்வாடகை ஒப்பந்தம் எழுதுபவர்கள் இங்கே இரட்டைத் தவறு செய்கிறார்கள்: விதிக்க வேண்டிய வரியை விதிக்காமலும், கோரக்கூடிய வரியைக் கோர ஆதாரமில்லாமலும் விடுகிறார்கள். முதல் கூடையின் மொத்தம் 16,011 வெள்ளி.

இரண்டாவது கூடையில், மேல்தளத்துக்குக் குடியிருப்பவரைத் தேடித்தந்த சொத்து முகவரின் தரகு 2,000, வரி 180. மேல்தளக் குளியலறைக் குழாய் பழுது 500, வரி 45. மொத்தம் 225 வெள்ளி.

மூன்றாவது கூடையில், கட்டடம் முழுவதற்கும் ஒரே மீட்டரில் வரும் மின்கட்டணம் 3,000, கணக்காளர் கட்டணம் 1,800, முழுக் கட்டடத்துக்கும் செய்த கரையான் தடுப்பு 1,200. சேர்த்து 6,000, வரி 540. மின்கட்டணப் பட்டியலை வாடகைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகைப் பட்டியலில் கலப்பு பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. மின்கட்டணத்தில் பட்டியல் முழுவதும் வரிக்கு உட்பட்டது, கலப்பு பயன்பாட்டில் இருக்கிறது. முன்னதை வரிவரியாகப் பிரித்தால் போதும். பின்னதை விகிதப்படி பிரிக்க வேண்டும். ஒரு பொதுச் செலவில் தளவாரியாகத் தொகை பிரித்து எழுதித் தரும்படி வேலை செய்தவரைக் கேட்டு வாங்கினால், அதைப் பொதுக் கூடையில் போடவே தேவையில்லை. அதே வேளையில், முகவர் தரகைப் போல முழுக்க விலக்குக்கு உரிய ஒன்றைப் பொதுக் கூடைக்கு நகர்த்தி, விகிதப்படி கிடைக்கும் ஏறத்தாழ 95 விழுக்காட்டைக் கோரும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். பட்டியலில் உள்ள விவரமே காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காம் படி: டி மினிமிஸ் சோதனை

விலக்குப் பெற்ற விற்பனை மிகச் சிறிதாக இருந்தால் இந்தப் பிரிப்பை எல்லாம் விட்டுவிட்டு மூன்று கூடைகளையும் முழுவதுமாகக் கோரலாம் என்று விதி இடம் தருகிறது. இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும். விலக்குப் பெற்ற விற்பனை மாதச் சராசரி 40,000 வெள்ளிக்கு மேற்படக்கூடாது. அத்துடன், வரிக்கு உட்பட்டதும் விலக்குப் பெற்றதும் சேர்ந்த மொத்த விற்பனையில் அது 5 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது. வங்கி வட்டி போன்ற சில நிதி வருவாய்களுக்குத் தனி விதி இருப்பதால், நம் கடைக்காரருக்கு அவை இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

சிறு வணிகர்களுக்கு 40,000 வெள்ளி வரம்பு எட்டாத உயரம். அதைப் பார்த்தே பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மையில் பிடிப்பது 5 விழுக்காடு. முந்திய காலாண்டில் நம் கடைக்காரரின் வரிக்கு உட்பட்ட விற்பனை அறைகலன் வாடகையையும் சேர்த்து 240,000 வெள்ளி, வீட்டு வாடகை 12,000. மொத்தம் 252,000இல் 12,000 என்பது 4.76 விழுக்காடு. சோதனையில் தேறினார், முழு வரியையும் கோரினார். இந்தக் காலாண்டில் கடை விற்பனை சரிந்து, வரிக்கு உட்பட்டது 210,000 ஆகிவிட்டது. வீட்டு வாடகை அதே 12,000தான், ஆனால் 222,000இல் அது 5.41 விழுக்காடு. விலக்குப் பெற்ற வருமானம் ஒரு வெள்ளிகூட உயராமலேயே அவர் சோதனையில் தவறினார். ஆகவே ஒவ்வொரு காலாண்டும் புதிதாகச் சோதிக்க வேண்டும். 5 விழுக்காட்டைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் கோரிக்கை மறுக்கப்படும் என்றும் நினைத்துவிடாதீர்கள். தாண்டிவிட்டால் இரண்டாவது கூடை முழுவதும் போகும், மூன்றாவதில் ஒரு பங்கும் போகும்.

ஐந்தாம் படி: பொதுக் கூடையைப் பிரித்துப் படிவத்தில் எழுதுதல்

```
540 × 210,000 ÷ 222,000 = 510.81
```

பொதுக் கூடையில் கோரக்கூடியது 510.81 வெள்ளி. விடுபடுவது 29.19. முதல் கூடையின் 16,011ஐச் சேர்த்தால் காலாண்டுதோறும் அனுப்பும் GST F5 படிவத்தின் 7ஆம் பெட்டியில் எழுத வேண்டியது 16,521.81 வெள்ளி. கோர முடியாதது 225உம் 29.19உம் சேர்ந்த 254.19. இரண்டையும் கூட்டினால் மூன்று கூடைகளின் மொத்தமான 16,776 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு பட்டியல் கூடைக்கு வெளியே விழுந்திருக்கிறது.

1ஆம் பெட்டியில் 210,000, விலக்குப் பெற்ற விற்பனைக்கான 3ஆம் பெட்டியில் 12,000. இந்த 3ஆம் பெட்டியைக் காலியாக விட்டுவிடும் வழக்கம் அதிகம், "அதற்குத்தான் வரி இல்லையே" என்று. அந்தப் பெட்டி காலியாக இருந்தால் சோதனையே நடக்கவில்லை என்று பொருள். உரிமையாளருக்குக் கொடுத்த குடியிருப்பு வாடகை 9,600 வெள்ளி விலக்குப் பெற்ற கொள்முதல் என்பதால், வரிக்கு உட்பட்ட கொள்முதலுக்கான 5ஆம் பெட்டியில் சேராது. படிவத்தைக் காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். பிரிப்புக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பட்டியல்களோடு ஐந்து ஆண்டுகள் வைத்திருங்கள். படிவத்தில் ஒற்றை எண்தான் போகிறது. அது எப்படி வந்தது என்பதற்கு அந்தத் தாளே சான்று.

ஆறாம் படி: ஆண்டு முடிவில் மறுபடி ஒருமுறை

காலாண்டுக் கணக்குகள் தற்காலிகமானவை. வரியாண்டு முடிந்ததும் நான்கு காலாண்டுகளையும் சேர்த்து அதே சோதனையையும் அதே பிரிப்பையும் மறுபடி செய்ய வேண்டும். நம் கடைக்காரரின் வரிக்கு உட்பட்ட விற்பனை நான்கு காலாண்டுகளில் முறையே 240,000, 210,000, தீபாவளி விற்பனையால் உயர்ந்த 270,000, மீண்டும் 240,000 என்று இருந்தால், ஆண்டு மொத்தம் 960,000. வீட்டு வாடகை 48,000. மொத்தம் 1,008,000இல் அது 4.76 விழுக்காடு, மாதச் சராசரி 4,000 வெள்ளி. ஆண்டு முழுவதையும் பார்க்கும்போது அவர் சோதனையில் தேறுகிறார். ஆகவே சரிந்த காலாண்டில் விட்டுக்கொடுத்த 254.19 வெள்ளியை, வரியாண்டு முடிந்த பின் வரும் முதல் காலாண்டின் படிவத்தில் 7ஆம் பெட்டியில் சேர்த்துக் கோரிக்கொள்ளலாம்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். மூன்று காலாண்டுகளில் தேறி முழுவதும் கோரியவர், ஆண்டு மொத்தத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த மூன்று காலாண்டுகளில் கோரியதில் விலக்குக்கு உரிய பகுதியைத் திரும்பக் கட்ட வேண்டும். அதனால்தான் தேறிய காலாண்டுகளிலும் கூடை பிரிப்பை நிறுத்தாமல் செய்துகொண்டே வரச் சொல்கிறேன். ஆண்டு முடிவில் பன்னிரண்டு மாதப் பட்டியல்களையும் தரையில் பரப்பிவைத்து, எந்தக் குழாய் மேல்தளத்துக்கு, எது கீழ்த்தளத்துக்கு என்று நினைவுபடுத்திப் பார்ப்பது எவருக்கும் இயலாத வேலை.